கேட்டுக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட்?

10 அடி அகலம், 5 அடி உயரத்தில் ரெட்டைக் கதவு கம்பி கேட். ரெட் ஆக்சைடு, எனாமல் எவ்வளவு வாங்கணும்?

ரெண்டிலும் ஒரு லிட்டர் போதும்.

கம்பி கேட்டில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான், அதனால் கம்பியின் சுற்றளவை வைத்துக் கணக்கிட வேண்டும். 12 மி.மீ. சதுரக் கம்பிக்கு நான்கு பக்கமும் சேர்த்து 48 மி.மீ., அதாவது 0.16 அடி. நாலு அங்குல இடைவெளி என்றால் சுமார் 30 கம்பி, 150 அடி நீளம்; பரப்பு 24 சதுர அடி. இரண்டு கதவின் 40 மி.மீ. சதுரக் குழாய்ச் சட்டம் 40 அடி, அது 21. மொத்தம் 45. கேட்டின் ஒரு முகத்தை அளந்தாலே 50 வருகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். தகடு அடித்த கேட் என்றால் இரு முகமும் சேர்த்து 100.

ரெட் ஆக்சைடு பிரைமர் லிட்டருக்கு சுமார் 90 சதுர அடி, எனாமல் ஒரு கோட்டுக்கு 120 என்று வையுங்கள். பிரைமர் அரை லிட்டருக்குச் சற்று மேல், எனாமல் இரண்டு கோட்டுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். மெல்லிய கம்பியில் பிரஷ்ஷில் சிந்துவது அதிகம், மிச்சம் அதற்குச் சரியாகிவிடும்.

எனாமல் பாதி டப்பா மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். தின்னர் அதிகமாகியிருக்கும், கம்பி விளிம்புகளில் பிரைமரின் சிவப்பு தெரியும். துருவும் அங்கேதான் முதலில் வரும்.