கூட்டத்துல இன்னும் கஷ்டம்தான்

அன்புள்ள ஐயா,

விளம்பரப் படங்களுக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். காதுக்கருவி போட்டிருக்கும் ஒரு வயதான அம்மா தன் அனுபவத்தைப் பேசியதைப் பதிவு செய்து, எழுத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை ஒரு நிமிட ஸ்கிரிப்டாக்க வேண்டும். பேச்சு முன்னும் பின்னுமாக இருப்பதால் கோவையாக்கி எழுதினேன். இரண்டையும் இணைத்திருக்கிறேன். அவருடைய குரல் கெடாமல் வந்திருக்கிறதா? நிறுவனத்தின் பெயர் எத்தனை இடத்தில் வரலாம்?

— ச.

அன்புள்ள ச.,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் தானாகச் சொன்ன இடத்தில் வரட்டும். அவர் சொல்லவே இல்லை, ஆகவே திரையில் எழுத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். போதும்.

இனி அந்த அம்மா. அவர் பேசியதை நாலைந்து முறை வாசித்தேன். வாசகர்களும் பார்க்கட்டும்:

“முதல்ல எனக்கு நம்பிக்கையே இல்ல. பொண்ணுதான் கூட்டிட்டுப் போனா. போட்டதும் என்னமோ... என் குரலே எனக்குப் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி. கழட்டி வச்சிட்டேன், ஒரு வாரம். இல்ல, பத்து நாள் இருக்கும். அப்புறம் அந்தம்மா, அந்த டெஸ்ட் பண்றவங்க, அவங்க சரி பண்ணிக் குடுத்தாங்க, ரெண்டு தடவை. இப்ப பரவால்ல. போன்ல பேரன் பேசுறது முக்காவாசி புரிஞ்சிடுது. கூட்டத்துல இன்னும் கஷ்டம்தான். ஆனா கழட்டுறதில்ல.”

நீங்கள் எழுதியது: “தொடக்கத்தில் நான் தயங்கினேன். ஆனால் இந்தக் கருவியை அணிந்த சில நாட்களிலேயே என் வாழ்க்கை மாறிவிட்டது. இப்போது என் பேரன் பேசுவது மிகத் தெளிவாகக் கேட்கிறது. இனி இதைக் கழற்றவே மாட்டேன்.”

இந்த நாலு வரியில் அந்த அம்மா எங்கே இருக்கிறார், சொல்லுங்கள்? வீட்டில் யாராவது வாயால் ‘அணிந்தேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதையாவது மன்னிக்கலாம், எழுத்துத்தமிழ் கைப்பழக்கம். செய்தியே மாறிப்போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பத்து நாள் கழட்டி வைத்தவர் உங்கள் வரியில் ‘சில நாட்களிலேயே’ மாறிவிட்டார். இரண்டு முறை சரிசெய்து கொடுத்தவர் காணாமலே போய்விட்டார். ‘முக்காவாசி’ என்பது ‘மிகத் தெளிவாக’ என்று வளர்ந்துவிட்டது. ‘புரிஞ்சிடுது’ என்று அவர் சொன்னது ‘கேட்கிறது’ ஆகிவிட்டது. காது மங்கியவர்களின் முறையீடே சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை என்பதுதான். அந்த அம்மா அளந்துதான் பேசியிருக்கிறார், நீங்கள்தான் அளவை எடுத்துவிட்டீர்கள்.

என் பெரியப்பாவுக்கும் இதே கருவிதான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். போட்டுக்கொண்ட அன்றே பழையபடி கேட்கும் என்று விளம்பரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பி வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் காகிதம் புரட்டுகிற சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் அவர் காதில் இடித்தன. வெகுநாளாக மறந்துபோயிருந்த சத்தங்கள். மூளை அவற்றை மறுபடி ஒதுக்கப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். கருவியில் காதுக்குள் செருகும் முனை இறுக்கமாக இருந்தால் சொந்தக் குரலே முழங்கும், அதைச் சரிசெய்யக் கருவி கொடுத்தவரிடம் திரும்பப் போக வேண்டும். இதையெல்லாம் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாலு பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் நல்ல கருவியும் திணறும், ஏனென்றால் சேதமான உட்செவியைக் கருவி திருப்பித் தருவதில்லை. அதையும் சொல்லவில்லை. “எல்லாருக்கும் கேக்குதாம், எனக்குத்தான் கேக்கல, என் காது அவ்வளவுதான் போல” என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். எடுத்துப் போடச் சொல்லி யாராலும் அவரை இணங்க வைக்க முடியவில்லை. அந்த விளம்பரத்துக்காக முதலில் பேசியவரும் ‘கூட்டத்துல கஷ்டம்தான்’ என்று சொல்லியிருப்பார், உங்களைப் போன்ற ஒருவர் அதை வெட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பெரியப்பா இன்னொரு முறை முயன்றிருப்பார்.

கோபம் போதும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“பொண்ணுதான் கூட்டிட்டுப் போனா. எனக்கு நம்பிக்கையே இல்ல. போட்டதும் என் குரலே எனக்குப் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு. கழட்டி வச்சிட்டேன், பத்து நாள் இருக்கும். அப்புறம் டெஸ்ட் பண்றவங்க சரி பண்ணிக் குடுத்தாங்க, ரெண்டு தடவை. இப்ப பரவால்ல. போன்ல பேரன் பேசுறது முக்காவாசி புரிஞ்சிடுது. கூட்டத்துல இன்னும் கஷ்டம்தான். ஆனா கழட்டுறதில்ல.”

எவ்வளவு குறைவாகத் தொட்டிருக்கிறேன் பாருங்கள். ‘ஒரு வாரம்’ போய்விட்டது, அவரே அதைத் திருத்திக்கொண்டார் என்பதால். திருத்திச் சொன்ன பத்து நாள் நிற்கிறது, ‘இருக்கும்’ என்ற தயக்கத்தோடு. அதை எடுத்தால் அவர் நாள் எண்ணி வைத்திருந்தது போல ஆகிவிடும். ‘அந்தம்மா, அந்த’ என்ற தடுமாற்றம் போய்விட்டது. முதல் இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றினேன், அதனால் எது எதற்குக் காரணம் என்பது மாறவில்லை. ஆனால் பேரன் வரியைச் ‘சரி பண்ணிக் குடுத்தாங்க’வுக்கு முன்னால் நகர்த்தியிருந்தால், போட்டவுடனே புரிந்ததாக ஆகியிருக்கும். வார்த்தை ஒன்றுகூட மாறாமலே பொய் வந்துவிடும். வரிசை மாற்றும்போதெல்லாம் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

‘கழட்டி வச்சிட்டேன், பத்து நாள் இருக்கும்’ என்பதைப் ‘பத்து நாள் கழட்டி வச்சிட்டேன்’ என்று ஒழுங்குபடுத்தக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். வினையைச் சொல்லி முடித்துவிட்டு, நினைவு வந்ததைப் பின்னால் ஒட்டுவது நம் பேச்சின் இயல்பு. ‘குடுத்தாங்க, ரெண்டு தடவை’யும் அப்படித்தான். வினையை எல்லா இடத்திலும் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் ஒழுங்காக இருக்கும், பேசுவது செய்தி வாசிப்பவராக இருக்கும்.

நான் சேர்த்தது ‘இருந்துச்சு’ ஒன்றுதான், தொங்கிய வாக்கியத்தை முடிக்க. அதையும் அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். வாசித்துக் காட்டி “சரியா இருக்காம்மா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக “நல்லா இருக்குப்பா” என்றுதான் சொல்வார். “இதுல நீங்க சொல்லாதது ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். படப்பிடிப்பில் தாளைக் கையில் கொடுக்க வேண்டாம், ஒவ்வொன்றாகக் கேட்டு மறுபடி சொல்ல வையுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அது பெரும்பாலும் உங்கள் வார்த்தையாக இருக்கும்.

அரை நிமிடம்தான் வரும். ஒரு நிமிடம் வேண்டுமென்றால் முகத்தைக் காட்டுங்கள், வரியை நீட்டாதீர்கள்.

‘கஷ்டம்தான்’ வரியை எடுக்கச் சொல்லி நிறுவனத்தார் கேட்பார்கள். அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி.யின் சான்றுரை வழிகாட்டுதலே சொன்னவரின் சொற்களை அப்படியே போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, அவருடைய கருத்தும் அனுபவமும் திரியும்படி மாற்றி எழுதக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆகவே சுருக்க உங்களுக்கு இடம் உண்டு. பேரன் வரியை வைத்துக்கொண்டு கூட்ட வரியை மட்டும் எடுக்க இடமில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் மாட்டார்கள். ‘ரெண்டு தடவை’ சரிசெய்த விவரம் கருவி கொடுத்தவரின் குறிப்பில் இருக்கும். அந்த அம்மாவின் அனுமதியோடு அதைக் கேட்டு வாங்கி, அசல் ஒலிப்பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.