மங்கிப்போன காபன் பில்: எந்த இலக்கத்தை நம்பலாம்?

பதில் சொல்பவர் ஹட்டன் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்தெட்டு வருடம் பில் எழுதி, பிறகு அதே பில்களைப் பேரேட்டில் ஏற்றியவர்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: கூரை மாற்ற வாங்கிய சாமான் பில்லின் அசலைக் கடன் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது காபன் வைத்து அடியில் விழுந்த மூன்றாவது ஒற்றை. பாதி இலக்கம் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து நிரப்பிவிடலாமா அண்ணே?

நிரப்பலாம் தம்பி, ஆனால் கணக்கு கடைசியாக வரவேண்டும். கணக்கைப் போட்டுவிட்டுப் பில்லைப் பார்த்தால் கண் அந்த விடையைத்தான் படிக்கும். நானே எத்தனையோ தரம் ஏமாந்திருக்கிறேன். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பில்லை அப்படியே எழுதுங்கள். தெரிந்த இலக்கம் தெரிந்தபடி, சந்தேகமானதற்கு இரண்டு சாத்தியத்தையும், தெரியாததற்குக் கேள்விக்குறி. பிறகு விடை தெரியாத வேறொருவரிடம் கொடுத்து அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போன இடம்தான் 'வாசித்தது'. மற்றதெல்லாம் 'ஊகித்தது'. இந்த இரண்டையும் கடைசிவரை கலக்காதீர்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய பில்லையே எடுப்போம். சீமெந்து 12 மூட்டை, விலை 980, தொகை 11,760. மூன்றும் தெளிவு, பெருக்கினாலும் சரி. தகரம் 14 அல்லது 19, விலை 1,450, தொகை 2?,300. இங்கே 14 என்றால் 20,300, 19 என்றால் 27,550. தொகையின் கடைசியில் 300 தெரிகிறது, ஆகவே 14. எண்ணிக்கையும் தொகையும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டவை, இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் அது நல்ல சாட்சி.

ஆணி 3 கிலோ, விலை 280 அல்லது 230, தொகையின் முதல் இலக்கம் 8 அல்லது 6. 280 என்றால் 840, 230 என்றால் 690. இதைத் தனியாகப் பார்த்தால் தீராது. லொறிக் கூலி 2,500 அல்லது 3,500. மொத்தம் 3?,400, அந்தக் கேள்விக்குறி 5 அல்லது 6. சீமெந்தும் தகரமும் சேர்ந்து 32,060. மொத்தம் 400 என்று முடிய வேண்டுமானால் ஆணி 840 ஆகத்தான் இருக்க வேண்டும், 690 போட்டால் 250 என்று முடியும். ஆணி விலை 280, இதுவும் முடிந்தது.

லொறிக் கூலிதான் சிக்கல். 2,500 என்றால் மொத்தம் 35,400. 3,500 என்றால் 36,400. இரண்டுமே கணக்கில் சரி! சந்தேகமான இரண்டு இலக்கம் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும்போது கூட்டல் வாயே திறக்காது. 'கணக்கு சரியாக வருகிறது' என்பதை வைத்து இங்கே எதையும் தீர்மானிக்க முடியாது.

அதே தம்பி மறுபடி: கீழே முற்பணம் 20,000, மீதி 1?,400 என்று இருக்கிறது. மீதியில் 6 மாதிரித் தெரிகிறது. அப்போ 36,400தானே?

முற்பணம் தெளிவாக இருப்பது நல்லது. ஆனால் மீதி மொத்தத்திலிருந்து கழித்து எழுதியது, அதே ஐயம் ஒரு வரி கீழே இறங்கி வந்திருக்கிறது. '6 மாதிரி' என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். பலர் 5 எழுதும்போது மேல் கோட்டைக் கடைசியில் கையைத் தூக்கி லேசாகப் போடுவார்கள். மூன்றாவது ஒற்றைக்கு அந்தக் கோடு இறங்காது. மேல் கோடு இல்லாத 5, வட்டம் கொஞ்சம் மூடியிருந்தால் 6 ஆகிவிடும். அதே கை எழுதிய சந்தேகமில்லாத 5 ஒன்றைத் தேடுங்கள், தகர விலை 1,450இல் இருக்கிறது. அதன் வட்டம் எவ்வளவு மூடுகிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

வெளிச் சாட்சியும் வேண்டும். மீதியைக் கட்டிய அன்றைக்கு எவ்வளவு பணம் எடுத்தீர்கள்?

அதே தம்பி: வங்கிப் புத்தகத்தில் அன்று 16,000 எடுத்ததாக இருக்கிறது.

அப்போ 15,400 பக்கம் சாய்கிறது. 16,400 என்றால் கையிலிருந்து 400 போட்டிருக்க வேண்டும். போட்டிருக்கவும் கூடும், யாருக்குத் தெரியும். பென்சிலால் 'அநேகமாக 35,400' என்று எழுதி வையுங்கள், பேனையால் எழுத வேண்டாம். கடையில் பில் புத்தகத்திலேயே இருக்கும் இரண்டாவது ஒற்றையைப் பார்க்கக் கேளுங்கள். பில் இலக்கம் அச்சடித்தது, அது மங்காது, அதைச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. சங்கத்தில் அசலைக் காட்டச் சொல்வது அதைவிட நல்லது.

பண்டாரவளையிலிருந்து ஒரு கடைக்காரர்: இவ்வளவு சுற்ற வேண்டுமா? மொத்தத்தைத்தான் எல்லோரும் அழுத்தி எழுதிக் கீழே இரண்டு கோடும் போடுவார்கள். மொத்தத்தைப் பிடித்தால் போதும்.

அழுத்தி எழுதுவது உண்மை முதலாளி, அதனால் மொத்தம் பெரும்பாலும் படிக்க இலகு. ஆனால் வாசிக்க இலகுவான இலக்கமும் சரியான இலக்கமும் ஒன்றல்ல. கூட்டம் நிற்கும் நேரம் மனக்கணக்கில் 'கையில் ஒன்று' மறந்து ஆயிரம் குறைந்த பில்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, என் கையால் எழுதியவையும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட பில்லில் மொத்தத்தைப் பிடித்து வரிகளைத் திருத்தினால் ஒழுங்கான வரியைக் கெடுத்துவிடுவீர்கள்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கைமாறிய பணம் எவ்வளவு என்பதுதான் கேள்வி என்றால், பிழையாகக் கூட்டிய மொத்தமே பதில். எத்தனை தகரம் வந்தது என்பது கேள்வி என்றால் வரிகள்தான் பதில். எதற்காகப் படிக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும்.

கண்டப்பளையிலிருந்து ஒரு அக்கா: மரக்கறி போட்ட பில்லில் 1,850 ரூபாய் 18,501 என்று விழுந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை அக்கா, உங்கள் பில்லைப் பார்க்காமலே சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டில் தொகைக்குப் பின்னால் /= போடும் வழக்கம் இருக்கிறதே, 1,850/= என்று. காபனில் அந்தச் சின்ன சமக்குறி மறைந்துபோய்ச் சாய்ந்த கோடு மட்டும் நிற்கும், அது 1 போலத் தெரியும். சதத்துக்கான கட்டத்துக்குள் ஏதாவது நழுவியிருந்தாலும் இப்படித்தான் பத்து மடங்காகும். கிலோவையும் விலையையும் பெருக்கிப் பாருங்கள், பத்து மடங்குப் பிழை உடனே பிடிபடும். மற்ற வரிகளிலும் கடைசியில் அதே கோடு அதே சாய்வில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா வரியிலும் இருந்தால் அது இலக்கமே இல்லை.

நுவரெலியாவிலிருந்து ஒரு மாணவி: பென்சிலால் மேலே தேய்த்தால் எழுத்து தெரியும் என்று படித்தேன். இஸ்திரி போட்டாலும் தெரியுமாமே?

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. காபன் மை மெழுகோடு சேர்ந்தது, சூடு பட்டால் பரவும். பென்சில் தூள் பள்ளத்தையும் மூடும், மையையும் மூடும், பிறகு திரும்பாது. இருட்டறையில் பில்லைச் சமமாக வைத்து, டோர்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடியுங்கள். பேனை அழுத்திய பள்ளத்தில் நிழல் விழும். அதை நாலு பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது.

நிறமும் பள்ளமும் ஒரே இடத்தில் இருந்தால் அது இந்தப் பில்லின் எழுத்து. நிறம் மட்டும் இருந்து பள்ளம் இல்லாவிட்டால் பெரும்பாலும் கை உரசிய கறை. பள்ளம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். இடையில் அட்டை வைக்காமல் மேல் பில்லை எழுதியிருந்தால் அதன் பள்ளம் கீழே இறங்கும். அப்படி வந்த இலக்கம் அச்சிட்ட கோட்டில் உட்காராமல் வரிக்கு நடுவே மிதக்கும். ஆனால் தேய்ந்த பழைய காபனாக இருந்தால் இந்தப் பில்லின் எழுத்தும் பள்ளமாக மட்டுமே வரலாம், மூன்றாவது ஒற்றையில் பள்ளமே பலவீனம். அதனால் இந்தச் சோதனை வழி காட்டும், அவ்வளவுதான்.

போனில் படமெடுப்பதானால் சாதாரணக் கலர்ப் படமாக எடுங்கள். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலி மெல்லிய கோட்டைக் கறை என்று நினைத்து அழித்துவிடும். நீலக் காபன் என்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலத்தை இருட்டாக்கப் பாருங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒருவர்: எனக்கும் இதே பிரச்சினைதான். சூப்பர் மார்க்கெட் பில் ஆறு மாதத்தில் வெள்ளைக் கடதாசியாகிவிட்டது.

அது வேறு சாதி ஐயா. மெஷினில் வருவது சூட்டில் கறுக்கும் கடதாசி, அதில் பேனையும் இல்லை, பள்ளமும் இல்லை. அதைச் சூடாக்கினால் முழுவதும் கறுத்துப்போகும். அந்தக் கடையில் பதிவு இருக்கிறதா என்று கேட்பதுதான் வழி.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு சிறு தோட்டக்காரர்: என் கொழுந்துச் சீட்டில் விலையே இல்லை. மொத்தம் 86, கழிவு 4 அல்லது 9, தேறியது மங்கல். எதோடு பெருக்கிப் பார்ப்பது?

பெருக்க ஒன்றுமில்லை, ஆனால் கழிக்க இருக்கிறதே. 4 என்றால் தேறியது 82, 9 என்றால் 77. தேறியதன் முதல் இலக்கம் 8 போல வட்டமா, 7 போல ஒரு மூலையா என்று மட்டும் பாருங்கள், முழு இலக்கமும் தெரிய வேண்டியதில்லை. அதுவும் தெரியாவிட்டால் மாதக் கடைசியில் தொழிற்சாலை தரும் கணக்கில் மாதம் முழுவதும் தேறிய கிலோ இருக்கும். மற்ற நாள் சீட்டுகளைக் கூட்டிக் கழித்தால் அந்த ஒரு நாள் மிஞ்சும். இரண்டு நாள் சீட்டு மங்கலாக இருந்தால் இந்த வழி சில நேரம் கைகொடுக்கும், சில நேரம் தலவாக்கலைத் தம்பியின் லொறிக் கூலி மாதிரி நின்றுவிடும்.

தலவாக்கலைத் தம்பி: அண்ணே, சங்கத்தில் கேட்டேன். அசல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். கடையில் அந்த வருடப் புத்தகம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டிய புத்தகத்தைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்தால் மை மற்றப் பக்கத்தோடு போய்விடும். லொறிக்காரர் யார் என்று நினைவிருக்கிறதா? கூலியை அவரிடமே கேளுங்கள், ஆனால் 'இரண்டாயிரத்து ஐந்நூறா?' என்று கேட்காதீர்கள், 'அன்று எவ்வளவு வாங்கினீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள்.