குற்றம் சாட்டாமல் வகுப்பாசிரியைக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: என் மகன் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. முதல் மிட்-டெர்மில் கணக்கில் 50க்கு 41, சமூக அறிவியலில் 50க்கு 37 வாங்கினான். காலாண்டில் கணக்கு 100க்கு 56, சமூக அறிவியல் 71. வகுப்பாசிரியையைப் பார்த்துப் பேச நேரம் கேட்டு மெயில் அனுப்ப நினைக்கிறேன். “இவ்வளவு குறைந்த பிறகும் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, வகுப்பில் கவனிக்கிறீர்களா” என்றுதான் எழுத வருகிறது. அழித்து அழித்து எழுதியும் புகார்க் கடிதமாகவே நிற்கிறது. எப்படி எழுதுவது?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: மெயிலை ஒரு நாள் தள்ளிப்போட்டு, முதலில் விடைத்தாளைக் கையில் எடுங்கள். கையில் விவரம் இல்லாதபோதுதான் கடிதம் புகாராகிறது. “மதிப்பெண் குறைந்துவிட்டது” என்பது மட்டுமே தெரிந்தால், அடுத்த வரியில் “ஏன் கவனிக்கவில்லை” என்பதைத் தவிர எழுத ஒன்றுமே இருக்காது.

முதலில் சமூக அறிவியலை விட்டுவிடலாம். 50க்கு 37 என்பது நூற்றுக்கு 74. அது 71 ஆனதைச் சரிவு என்று சொல்ல முடியாது. மெயிலில் இரண்டு பாடத்தையும் போட்டால், படிக்கிறவருக்கு “எல்லாமே போச்சு” என்று நீங்கள் பதறுவதாகத் தோன்றும். கணக்கு 82லிருந்து 56க்கு வந்திருக்கிறது. பேச வேண்டியது அதைத்தான்.

கணக்கு விடைத்தாளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கூட்டுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அமைப்பிலேயே தாள் போடுகிறார்கள்: ஒரு மதிப்பெண் 14 கேள்வி, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. உங்கள் மகனின் 56 இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மார்க்கில் 14க்கு 12. இரண்டு மார்க்கில் 20க்கு 16. ஐந்து மார்க்கில் ஆறு கணக்குதான் போட்டிருக்கிறான், அந்த 30க்கு 22. வடிவியலில் 8க்கு 6. வரைபடத்தைத் தொடவே இல்லை.

இழந்த 44ல் 28 மதிப்பெண் எழுதாமல் விட்ட கேள்விகளில் போயிருக்கிறது. தவறாகப் போட்டு இழந்தது வெறும் 16. “கணக்கு வரவில்லை” என்ற பேச்சு இதோடு “ஐந்து மார்க் கணக்கில் நாலையும் வரைபடத்தையும் ஏன் விட்டான்” என்ற கேள்வியாகச் சுருங்கிவிடும். உங்கள் வீட்டுத் தாளில் கணக்கு வேறு மாதிரி வரலாம். ஆனால் விட்டது எவ்வளவு, தப்பாகப் போட்டது எவ்வளவு என்று பிரிக்காமல் மெயில் எழுத உட்காராதீர்கள்.

விட்டதற்கு நேரம் போதாதது காரணமா, தெரியாதது காரணமா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. ஐந்து மார்க் கணக்கு ஒன்றுக்கு சுமார் ஒன்பது நிமிடம். அவன் விட்ட கேள்விகளில் ஒன்றைக் கொடுத்துக் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம். ஒன்பது நிமிடத்துக்குள் முடித்தால் கணக்கு தெரியும், தேர்வில் நேரத்தை வேறெங்கோ செலவழித்திருக்கிறான். பதினைந்து நிமிடமானால் வேகம் போதவில்லை. முதல் வரியே எழுத வரவில்லை என்றால் அந்தப் பாடமே நிற்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மிட்-டெர்மில் பாடப்பகுதி குறைவு, எழுதும் நேரமும் குறைவு. அதனால் அங்கே தெரியாத கோளாறு, முழுத்தாள் எழுதும்போது முதல் தடவையாகக் காலாண்டில் தெரிவது சகஜம்தான். ஆசிரியை முன்னமே சொல்லாததற்கும் இது காரணமாக இருக்கலாம். மிட்-டெர்மில் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது.

இனி மெயில். குற்றச்சாட்டு எப்போதும் கோபமான சொல்லில் வருவதில்லை. “மிட்-டெர்ம் வரை நன்றாகத்தான் படித்தான்” என்று எழுதினால் அதன் மறுபாதியை ஆசிரியை தானே நிரப்பிக்கொள்வார்: அதற்குப் பிறகு நீங்கள் கெடுத்தீர்கள். “நீங்கள் நன்றாகத்தான் நடத்துகிறீர்கள், ஆனால்” என்பதும் அதே ரகம். “இவ்வளவு ஃபீஸ் கட்டியும்” என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த செக்‌ஷன் பிள்ளையின் மார்க், போன வருட ஆசிரியரின் பெருமை, டியூஷன் சார் சொன்ன கருத்து மூன்றையும் வெளியே விடுங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தவறு எதிர்த்திசையில் நடக்கும். ஆசிரியர் மனம் நோகக் கூடாதென்று பழியைப் பிள்ளைமேல் போட்டுவிடுவது: “அவன் சோம்பேறி மேடம், கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க.” இதைக் கேட்ட ஆசிரியர் “ஆமாம்மா, கவனமே இல்லை” என்பார், சந்திப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வரைபடத்தை ஏன் விட்டான் என்பது அப்படியே கிடக்கும். மெயிலில் காரணமே எழுதாதீர்கள், யார்மேலும். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், பார்க்க முடியாததைக் கேளுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் சிக்கல் வரும். ஒன்பதாம் வகுப்பில் வகுப்பாசிரியையே கணக்கு எடுப்பவராக இருக்க வேண்டியதில்லை. மெயில் வகுப்பாசிரியைக்கே போகட்டும். கணக்கு ஆசிரியரும் பத்து நிமிடம் இருக்க முடியுமா என்று அதிலேயே கேளுங்கள். நேராகக் கணக்கு ஆசிரியருக்கு எழுதினால் வகுப்பாசிரியையைத் தாண்டிப் போனதாகும். முதல் மெயிலிலேயே முதல்வருக்கு சிசி போட்டால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது புகார்தான். பள்ளிக்குப் பொது மெயில் முகவரி மட்டும் இருந்தால், பிரித்துப் பார்க்கும் அலுவலக ஊழியர் சரியான ஆளுக்கு அனுப்பும்படி தலைப்பிலேயே வகுப்பும் பிரிவும் இருக்கட்டும்.

இந்த அளவு போதும்:

> தலைப்பு: 9 பி – (மாணவர் பெயர்) – கணக்குப் பாடம் பற்றிப் பேச 15 நிமிடம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.
>
> நான் 9 பி மாணவர் (பெயர்) அவர்களின் தாய். காலாண்டுக் கணக்கு விடைத்தாளை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் 56. ஐந்து மதிப்பெண் கேள்விகளில் நான்கையும் வரைபடக் கேள்வியையும் எழுதாமல் விட்டிருக்கிறான். எழுதிய கேள்விகளில் பெரும்பாலும் சரியாகவே செய்திருக்கிறான். விட்ட கணக்கில் ஒன்றை வீட்டில் போடச் சொன்னபோது 15 நிமிடம் ஆனது.
>
> வகுப்பில் அவன் கணக்குப் போடும் விதத்தை நீங்களும் கணக்கு ஆசிரியரும்தான் நேரில் பார்க்கிறீர்கள். அதைத் தெரிந்துகொண்டு, அரையாண்டுக்கு முன் வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்க விரும்புகிறேன்.
>
> வரும் செவ்வாய் அல்லது வியாழன் பள்ளி முடிந்த பிறகு வர இயலும். உங்கள் ஓய்வு பீரியட் வசதி என்றால் அந்த நேரத்துக்கும் வருகிறேன். கணக்கு ஆசிரியரும் சிறிது நேரம் இருக்க முடிந்தால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.
> (பெயர், கைபேசி எண்)

“15 நிமிடம்” என்று தலைப்பில் சொல்வது முக்கியம். எவ்வளவு நேரம் இழுக்கும் என்று தெரியாத சந்திப்பைத்தான் ஆசிரியர்கள் தள்ளிப்போடுவார்கள். இரண்டு நாள் குறிப்பிட்டால் அவர் ஒன்றைத் தேர்ந்து ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். “உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது” என்றால் பணிவாகத் தெரியும், ஆனால் நாள் தேடும் வேலை அவர் தலையில் விழும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றில்லை; தமிழில் தெளிவாக வருமானால் தமிழிலேயே அனுப்புங்கள்.

விடைத்தாள் கொடுத்த ஒரு வாரத்துக்குள் அனுப்பினால் ஆசிரியருக்கும் தாள் நினைவில் இருக்கும். அரையாண்டு டிசம்பரில் வந்துவிடும். நவம்பர் கடைசியில் போய் நின்றால், கேட்டுக்கொண்டதைச் செய்து பார்க்க நாள் இருக்காது. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் டைரியில் இரண்டு வரி எழுதி மகனிடம் கொடுத்தனுப்புங்கள். மெயிலைத் தினமும் பார்க்காத ஆசிரியர்கள் உண்டு. டைரியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கும் பதில் இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேட்கலாம். முதல்வரிடம் போவது இவ்வளவுக்கும் பிறகுதான்.

நேரில் போகும்போது விடைத்தாளை எடுத்துப் போங்கள். வீட்டில் தெரியாத விஷயங்களை மட்டும் கேளுங்கள். வகுப்பில் கொடுக்கும் கணக்கை மற்றவர்களோடு சேர்ந்து முடிக்கிறானா, எந்த இடத்தில் நிற்கிறான்? எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்கிறானா? இரண்டாவது கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் வந்தால் கணக்கை விடுங்கள், முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். டியூஷன் போகிறான் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கே ஒரு முறையிலும் பள்ளியில் வேறு முறையிலும் போட்டால் குழம்பி நேரம் போகும். படிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கம் வந்திருந்தால் படிக்கான மதிப்பெண்ணும் போகும்.

“வீட்டில் நீங்க கவனிக்கிறதில்லையாம்மா?” என்று அவர் ஆரம்பித்தால் பதிலுக்கு நிற்க வேண்டாம். “சரிங்க மேடம், கவனிக்கிறேன். இந்த வரைபடக் கணக்கை ஏன் விட்டிருப்பான், பாருங்களேன்” என்று தாளை நீட்டுங்கள். பேச்சு தாளுக்கு வந்துவிடும். மகனை முதல் பத்து நிமிடம் வெளியே நிறுத்திவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் உள்ளே கூப்பிடுங்கள். முடிவானதை ஆசிரியர் வாயால் அவன் கேட்கட்டும். முழு நேரமும் நிற்க வைத்தால் அது அவனுக்கு விசாரணை.

“நல்லா படிக்கச் சொல்லுங்க” என்று முடிந்தால் எழுந்துவிடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை கணக்கு, எந்தப் பாடத்திலிருந்து, யார் பார்ப்பது என்று கேட்டு வாங்குங்கள். அன்று இரவே அதை மெயிலாக அனுப்பிவிடுங்கள்: “இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நாம் பேசியபடி, வாரம் மூன்று நாள், ஐந்து மதிப்பெண் கணக்குகளில் தலா இரண்டை நேரம் வைத்துப் போடுவான். சனிக்கிழமைகளில் ஒரு வரைபடம். நோட்டைத் திங்கட்கிழமைதோறும் கணக்கு ஆசிரியரிடம் காட்டுவான். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.”