20 வருஷ எண்டோமென்ட் பாலிசியா, டெர்ம் பாலிசியோடு பிபிஎஃப்பா?

கேள்வி: "வயது 30, காரைக்குடி. வருஷம் 25,000 கட்டினால் 20 வருஷத்தில் 9,40,000 வரும், 5 லட்சம் காப்பீடும் உண்டு என்று சொந்தக்கார ஏஜென்ட் மாமா சொல்கிறார். இந்த எண்டோமென்ட் பாலிசியை எடுக்கலாமா? இல்லை, டெர்ம் பாலிசி எடுத்து மீதியை டெபாசிட்டில் போடலாமா?"

மாமா சொல்லும் தொகை சரியாகத்தான் இருக்கும். 5 லட்சம் கட்டி 9,40,000 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போலத் தெரியும். ஆனால் முதல் 25,000 உங்கள் கையை விட்டுப் போய் 20 வருஷம் கழித்துத்தான் திரும்புகிறது, கடைசி 25,000 ஒரே வருஷத்தில் திரும்புகிறது. இதைச் சேர்த்துக் கணக்கிட எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=RATE(20,-25000,0,940000,1)
```

விடை ஏறக்குறைய 5.7%. எக்செல் 6% என்று காட்டினால் தசம இடத்தைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் ஐயா கணக்கில் சொன்னால், நூற்றுக்கு மாசம் ஐம்பது பைசா என்ற அரை வட்டிக்கும் கீழே. அவர் பேரேட்டில் இந்த வட்டிக்கு யாருக்கும் 20 வருஷத் தவணை கொடுத்திருக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு குறைகிறது? போனஸ்தான் காரணம். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 42 என்றால் உங்களுக்கு வருஷம் 21,000. முதல் வருஷமே அறிவித்துவிடுவார்கள், பார்க்க மனசு நிறையும். ஆனால் அந்த 21,000 மேல் வட்டி ஏறாது. 19 வருஷம் கழித்து அதே 21,000 ஆகத்தான் கைக்கு வரும். 7.1% வட்டியில் வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு அன்றைக்கு 5,700 ரூபாய்தான்.

இப்போது மாற்று வழி. டெர்ம் பாலிசியில் இறந்தால் மட்டுமே பணம், முதிர்வுத் தொகை கிடையாது. 30 வயதில், புகைப்பழக்கம் இல்லாதவருக்கு 50 லட்சம் டெர்ம் பாலிசி வருஷம் 7,000 என்று வைத்துக்கொள்வோம் (உங்களுக்கு வரும் கொட்டேஷனை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்). மீதி 18,000 பிபிஎஃப் என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில். 2020 ஏப்ரலிலிருந்து அங்கே 7.1%தான், அரசு காலாண்டுக்கு ஒரு முறை மாற்றலாம். 15 வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷம் நீட்டித்தால் 20 வருஷக் கடைசியில் 7,99,000 வரும்.

பார்த்தீர்களா, 9,40,000ஐ விடக் குறைவு. மாமா இதைத்தான் காட்டுவார், காட்டட்டும். ஆனால் இந்தப் பக்கம் காப்பீடு பத்து மடங்கு. சமமாக ஒப்பிட வேண்டுமானால் இங்கேயும் 5 லட்சம் காப்பீடுதான் என்று எடுங்கள். அதற்கு வருஷம் 1,500 ஆகும் என்று வைத்தால் மீதி 23,500 பிபிஎஃப்பில் 10,43,000 ஆகிறது. அதாவது முதிர்வில் ஒரு லட்சம் சொச்சம் கூடுதல், அவ்வளவுதான். உண்மையான வித்தியாசம் அந்த ஒரு லட்சத்தில் இல்லை.

என் அயித்தை மகன் இதே மாதிரி 5 லட்சம் பாலிசி வைத்திருந்தார். எட்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். 38 வயதில் மாரடைப்பு. பாலிசித் தொகையும் அதுவரை சேர்ந்த போனஸும் சேர்த்து 6,70,000 பக்கம் வந்தது. வீட்டுக் கடனில் பாதிகூட அடையவில்லை, இரண்டு பிள்ளைகள் பள்ளியில். பணம் வந்த அன்று அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி, "அண்ணே, இவ்வளவுதானா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் 25,000ஐ 7,000, 18,000 என்று பிரித்திருந்தால், எட்டாம் வருஷம் 50 லட்சமும் பிபிஎஃப்பில் சேர்ந்த 2 லட்சம் பக்கமும் வந்திருக்கும். கட்டும் பணம் ஒன்றுதான்.

சில எச்சரிக்கைகள். டெபாசிட் என்று பேங்க் எஃப்டியை நினைத்தால், 7% வட்டியில் 20% வரி போக 5.6%தான் நிற்கும், பாலிசியும் அதுவும் ஒன்றே. வரி இல்லாத பிபிஎஃப்பால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. வருஷத் தொகையை ஏப்ரல் 5க்குள் போட்டுவிடுங்கள், அப்போதுதான் அந்த மாச வட்டியும் முழுசாகச் சேரும். டெர்ம் பிரீமியம் தவறினால் காப்பீடே போய்விடும், அதை ஆட்டோ டெபிட்டில் விடுங்கள். அப்புறம், பிடிவாதமாக 18,000ஐ வருஷாவருஷம் போட முடியாதவருக்கு இந்த வழி பலிக்காது. எண்டோமென்ட்டிலும் நடுவில் நிறுத்தினால் நஷ்டம்தான். 2024 அக்டோபர் விதிகளுக்குப் பிறகு சரண்டர் தொகை முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனாலும் முதல் சில வருஷங்களில் கட்டியது முழுசாகத் திரும்பாது.

மாமாவிடம் சண்டை வேண்டாம். பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன் தாளைக் கேளுங்கள். அதில் நிறுவனத்தின் முதலீடு 4% ஈட்டினால், 8% ஈட்டினால் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். 4% கட்டத்தில் உள்ள முதிர்வுத் தொகையை மேலே உள்ள வரியில் 940000 இருக்கும் இடத்தில் போட்டு, வரும் விடையை அவரோடு சேர்ந்து பாருங்கள்.