நடுவுல மீட்டினா 220 ஏன் காணோம்?

"கிதார்ல ஓபன் ஏ ஸ்டிரிங்கை 12வது ஃப்ரெட் மேல மீட்டினா ஸ்பெக்ட்ரம்ல 110, 330 ஹெர்ட்ஸ் தெரியுது, 220 கிட்டத்தட்ட இல்ல. பிரிட்ஜ் பக்கம் மீட்டினா வருது. மைக் போச்சா?"

மைக் நல்லாத்தான் இருக்கு ப்ரோ. 12வது ஃப்ரெட் கம்பியோட சரி பாதி, 220ல ஆடுற ரெண்டாவது ஹார்மோனிக்குக்கு அந்த இடம் அசையவே அசையாத புள்ளி, அசையாத இடத்தைப் பிடிச்சு இழுத்தா அது எப்படி கிளம்பும்?

விரலால கம்பியை இழுத்து விடுற நொடியில அது ஒரு முக்கோணம். அந்த வடிவத்தை ஃபூரியே சீரிஸா பிரிச்சா n-ஆவது ஹார்மோனிக்கோட அளவு இப்படி வரும்:

```
sin(nπp) / n²
```

p-ங்கிறது கம்பி நீளத்துல எத்தனாவது பங்குல மீட்டுறீங்கங்கிறது. p = 1/2 போட்டா இரட்டைப்படை n எல்லாமே சைபர், மூணாவது 1/9 பங்கு. பிரிட்ஜ் பக்கம் போய் p = 1/5 போட்டா ரெண்டாவது முதலாவதுல 0.4 பங்கு, மூணாவது 0.18, ஆனா அஞ்சாவது, அதாவது 550 ஹெர்ட்ஸ், காணாமப் போகும். சுருதி ரெண்டுலயும் அதே 110தான், கலவை மாறுது, அதான் நடுவுல மொழுக்குன்னும் பிரிட்ஜ்கிட்ட கணீர்னும் கேக்குது.

ஒண்ணு கவனிங்க, இது கம்பி விலகுற அளவு. பிரிட்ஜ் வாங்குற விசை இதை n-ஆல பெருக்கினது, அதனால உங்க ஸ்கிரீன்ல மேல் ஹார்மோனிக்ஸ் இதைவிட உசரமா நிக்கும், அப்புறம் கிதார் பாடி வேற சிலதைத் தூக்கும், சிலதை அமுக்கும். 220 முழுசா சாகாததுக்கு ஒரு காரணம், விரல் துல்லியமா நடுவுல விழாது, மில்லிமீட்டர் கணக்குல தள்ளிப்போனாலே கொஞ்சம் எட்டிப்பாக்கும்.