ஒருவேளை சாப்பாடு

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் 'எலாட்' என்று சேர்த்து எழுதிவிட்டாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, 'எ லாட்' என்று இரண்டு வார்த்தையாகத்தான் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் சொல்வதை ஏன் பிரித்து எழுதவேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மூச்சைக் கணக்கு வைத்து எழுதுவதென்றால் எங்கள் அத்தை பேசியதெல்லாம் ஒரே வார்த்தையாகிவிடும். "எப்படா வந்த சாப்டியா உங்கம்மாவுக்கு முட்டுவலி தேவலையா" என்பதை ஒரு மூச்சில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இலையைப் போட்டுவிடுவார். அதில் எங்கே கத்தியை வைத்துப் பிரிப்பீர்கள்?

வாய்க்கு இடைவெளி தெரியாது. கண்ணுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. ரோமாபுரிக்காரர்கள் முதலில் வார்த்தைக்கு வார்த்தை நடுவே புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, லத்தீனைக் கோத்த மாலை மாதிரி எழுதினார்கள். நம் ஓலைச்சுவடியும் அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டு வாக்கில் அயர்லாந்துத் துறவிகள்தான் லத்தீனில் வார்த்தைகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காரணம் எளிது. லத்தீன் அவர்கள் வீட்டில் பேசும் மொழி இல்லை, புத்தகத்தில் படித்துக் கற்றது. எங்கே ஒரு வார்த்தை முடிகிறது என்று காது சொல்லாதபோது கண்ணுக்கு ஒரு அடையாளம் தேவைப்பட்டது. உங்கள் மகள் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, லாட்டுக்கு வருகிறேன். அது முதலில் 'நிறைய' என்ற சொல்லே இல்லை. சீட்டு. பழைய ஆங்கிலத்தில் ஹகர ஒலியோடு 'ஹ்லாட்' என்பார்கள். யாருக்கு எது என்று தீர்மானிக்கக் குலுக்கிப் போடுகிற மரத்துண்டு அல்லது அதுபோல ஏதாவது ஒன்று. பிறகு சீட்டில் விழுந்த பங்குக்கும் அதே பெயர் வந்தது. பங்காக விழுந்த மனைக்கும் அதே பெயர். ஏலத்தில் மொத்தமாகக் கட்டி வைத்த சரக்குக்கும் அதே பெயர். திருப்பூரில் "லாட்டா எடுத்தா விலை குறையும்" என்கிறார்களே, அந்த லாட் இதுதான். குவியல் என்ற பொருள் வந்த பிறகு 'ஒரு குவியல்' என்பது 'நிறைய' ஆக ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. நாம் 'ஒரு மூட்டை பொய்' என்று சொல்லும்போது பொய்யை யாரும் மூட்டை கட்டவில்லை.

ஆக 'எ லாட்' என்றால் 'ஒரு குவியல்'. முன்னால் நிற்கிற 'எ' நமது 'ஒரு'. 'எ ஃப்யூ', 'எ லிட்டில்', 'எ பிட்' எல்லாம் இதே ஜாதி. உங்கள் மகள் 'எ லிட்டில்' என்பதைச் சேர்த்து எழுதியிருக்கமாட்டாள் என்று பந்தயம் கட்டுகிறேன். 'லிட்டில்' தனியாக நடமாடுவதை அவள் தினமும் பார்க்கிறாள். 'லாட்' தனியாக நடமாடுவது ஏலக்கடையில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். 'அலாட்மெண்ட்'. வீட்டுமனைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் எல்லாரும் "அலாட் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். அந்த அலாட் ஒரே வார்த்தை, வினைச்சொல், 'எல்' எழுத்து இரண்டு. ஒதுக்கு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. உள்ளே இருப்பது அதே லாட்தான், ஆனால் முன்னால் ஒட்டியிருப்பது 'ஒரு' இல்லை, லத்தீனின் 'அட்', அதாவது 'இன்னாருக்கு' என்கிற ஒட்டு. மனையைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்களே, சொல்லின் பூர்விகத்துக்கு அதைவிட விசுவாசமாக யாரும் நடந்துகொள்ள முடியாது. சொல்லும்போது இரண்டும் காதுக்கு ஒன்றுதான். அதனால்தான் வம்பு.

ஒட்டா, தனிச்சொல்லா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நடுவே வேறொரு சொல்லைச் செருகிப் பாருங்கள். 'எ ஹோல் லாட்' என்கிறார்கள். 'ஆன் ஆஃபுல் லாட்' என்கிறார்கள். நடுவே ஆள் உட்கார இடம் இருக்கிறது, அதனால் இரண்டு நாற்காலி. 'அலாட்மெண்ட்', 'அலோன்' இவற்றுக்கு நடுவே ஒன்றையும் செருக முடியாது. இரண்டாவது உதாரணத்தில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். 'ஆஃபுல்' உயிரெழுத்தில் தொடங்குவதால் 'எ' தன் சட்டையை மாற்றிக்கொண்டு 'ஆன்' ஆகிவிட்டது. லாட்டின் ஒரு பகுதியாக இருந்தால் அதற்கு இப்படி மாறத் தெரியுமா?

இதை இங்கேயே நிறுத்தினால் நான் கெட்டிக்காரன். ஆனால் அமெரிக்கர்கள் 'எ ஹோல் நதர்' என்று ஒன்று பேசுகிறார்கள். 'அனதர்' என்பதன் வயிற்றைக் கிழித்து நடுவே 'ஹோல்' என்பதை வைக்கிறார்கள். அந்த 'அனதர்' பழைய காலத்தில் 'ஆன் அதர்' என்று இரண்டு வார்த்தையாக இருந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. ஒட்டிப் பல தலைமுறை ஆகியும் தையல் எங்கே என்று ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் தப்பான இடத்தில். ஆகவே என் செருகல் சோதனை நல்லதுதான், ஆனால் கோர்ட்டில் நிற்காது.

எதிர்க்கட்சிக்காரருக்கு இன்னொரு வாதமும் உண்டு, நானே எடுத்துக் கொடுக்கிறேன். 'எ லாட் ஆஃப் பீப்பிள்' என்று எழுதினால் பின்னால் 'ஆர்' வரும். 'எ லாட் ஆஃப் வாட்டர்' என்றால் 'இஸ்' வரும். லாட் உண்மையிலேயே குவியல் என்ற பெயர்ச்சொல்லாக அதிகாரம் செலுத்தினால் இரண்டிலும் 'இஸ்' அல்லவா வரவேண்டும்? அதிகாரம் பின்னால் வரும் சொல்லிடம் போய்விட்டது. 'தேங்க்ஸ் எ லாட்' என்னும்போது குவியலும் இல்லை, ஏலமும் இல்லை. வேலையைப் பார்த்தால் அது ஒரே சொல்லாகிவிட்டது, உடுப்பைப் பார்த்தால் இன்னும் இரண்டு. டீச்சர் உடுப்பைத்தான் பார்ப்பார். அகராதியும் அதைத்தான் பார்க்கிறது.

ஆங்கிலம் இதில் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 'சம்ஒன்', 'எனிஒன்', 'எவ்ரிஒன்' மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்கிறவர்கள் 'நோ ஒன்' என்பதை மட்டும் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். சேர்த்தால் 'நூன்' என்று மத்தியானம் மாதிரித் தெரியும். 'டுடே' என்பதைப் போன நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நடுவே கோடு போட்டுத்தான் அச்சடித்தார்கள். 'ஆல் ரைட்' சேர்ந்துவிட்டது, அகராதியிலும் ஏறிவிட்டது, இருந்தும் அதைச் சுழிக்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். எலாட் அந்த வரிசையில் பின்னால் நிற்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பழைய மெய்ப்புப் பார்ப்பவர் எனக்கு ஞாபகம் வருகிறார். பெயர் சொல்லமாட்டேன், அவரும் இதைப் படிப்பார். 'ஒரு'வுக்குப் பின்னால் எந்தச் சொல் வந்தாலும் ஒட்டவைத்துவிடுவார். காகிதம் மிச்சம் என்பார். ஒருமுறை ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டீஸ் அச்சடித்தோம். 'வரும் பக்தர்கள் அனைவருக்கும் ஒரு வேளை உணவு வழங்கப்படும்' என்று கொடுத்திருந்தார்கள். இவர் கை வைத்து, 'ஒருவேளை உணவு வழங்கப்படும்' என்று போய்விட்டது. ஐந்நூறு நோட்டீஸ். வழங்கினாலும் வழங்குவார்கள், வழங்காமலும் போகலாம் என்று ஊருக்கே அறிவித்தாயிற்று. அன்றைக்குக் கூட்டம் வந்தது, ஆனால் பாதிப் பேர் கையில் தூக்கு வாளி. புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சமைத்தது மீந்துபோய், நிர்வாகி அச்சகத்துக்கே ஒரு அண்டா சாம்பார் சாதம் அனுப்பினார். கோபமா, பெருந்தன்மையா என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று நாள் அதைச் சாப்பிட்டோம். நம்மவர் அப்போதும் விடவில்லை. "ஒருவேளைன்னா ஒரு தடவைதானே சார்?" என்று வாயில் சாதத்தோடு வாதாடினார்.

ஒட்டுவதிலும் பிரிப்பதிலும் உள்ள ஆபத்து இதுதான். ஒரு எழுத்து பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விடும். ஆங்கிலத்தில் சமையல்கட்டு 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி 'ந' முன்வீட்டுக்குப் போய் 'ஆன் ஏப்ரன்' ஆனது. அதன் சொந்தக்காரன் நாப்கினிடம் 'ந' இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆரஞ்சும் இப்படி ஆங்கிலேயன் வாயில்தான் 'ந'வைத் தொலைத்தது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆங்கிலத்துக்கு வந்து சேரும் முன்பே, இத்தாலி பிரான்ஸ் பக்கமே அது உதிர்ந்துவிட்டது. ஸ்பெயின்காரன் வாயில் இன்றும் 'ந'வோடுதான் இருக்கிறது. நம்ம நாரத்தங்காயைப் பாருங்கள், ஒரு எழுத்தும் போகாமல் ஊறுகாய் ஜாடியில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கேயோ போய்விட்டேன். மகளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். கம்ப்யூட்டரில் தட்டும்போது சேர்த்து எழுதினால் சிவப்புக் கோடு விழும். கோடு போகட்டும் என்று இன்னொரு 'எல்' போட்டுவிடக் கூடாது. போட்டால் அது 'ஒதுக்கு' என்கிற நிஜ வார்த்தையாகிவிடும். அகராதியை மட்டும் பார்க்கிற எழுத்துத் திருத்தி அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். அப்புறம் 'எனக்கு மாம்பழம் ரொம்பப் பிடிக்கும்' என்று எழுத நினைத்தவள், மாம்பழத்தை யாருக்கோ ஒதுக்கிக்கொண்டிருப்பாள். டீச்சர் மறுபடி சுழிப்பார். அந்தச் சுழிக்கு என்னிடம் கேள்வி அனுப்பவேண்டாம்.