பிறக்கப் போகும் பிள்ளைக்கு எதை வாங்க, எதை விட?

"அக்கா, முதல் பிள்ளை, ஏழாம் மாதம். வெள்ளவத்தையில் ஒற்றை அறை வாடகைக்கு இருக்கிறோம். கடையில் தந்த லிஸ்டில் முப்பதுக்கு மேல் சாமான்கள். கையில் அவ்வளவு காசில்லை. எது கட்டாயம்?"

தங்கச்சி, கடைக்காரர் லிஸ்ட் விற்கத்தான் எழுதப்பட்டது. காசை முதலில் நப்பித் துணியில் போடுங்கள். தொடக்கத்தில் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனைக்கும். கொழும்பு மழையில் அறைக்குள் காயப்போட்டால் ஒரு நாளில் காயாது, அதனால் இரண்டு நாளுக்குக் கணக்குப் பார்த்து 24 வையுங்கள். புறக்கோட்டையில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி யார் கணக்கில் கிடைக்கும். ஒன்றுக்கு முக்கால் யார், ஆக 18 யார். வெட்டி ஓரம் தைத்து, கஞ்சி போகச் சுடுநீரில் அலசி, வெயிலில் காயவிடுங்கள். இரவுக்கும் வெளியே போகவும் டயப்பர் ஒரு சின்னப் பக்கெட் போதும். நியூபோர்ன் அளவு சீக்கிரம் சிறுத்துவிடும்.

மற்றவை கொஞ்சம்தான்: முன்பக்கம் கட்டும் சட்டை ஆறு, துவாய் இரண்டு, ரபர் ஷீட் ஒன்று, வாசனையில்லாத சோப், நுளம்பு வலை. தொட்டில் வசதிப்பட்டால் பார்க்கலாம். பவுடரும் கொலோனும் வேண்டாம். தலையணை, பக்கத் தலையணை, தடித்த மெத்தை வைத்த 'பேபி செட்' வேண்டவே வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மெத்துமெத்தில் முகம் புதைந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். கெட்டியான படுக்கை, மேலே விரித்த ஒரு துணி, மல்லாக்கப் படுக்கை. அவ்வளவுதான்.

வார்ட்டில் யாராவது சிரித்துக்கொண்டு பால்மா சாம்பிள் நீட்டினால் வாங்காதீர்கள். தாய்ப்பாலைக் காக்க 1980களிலிருந்தே இங்கே விதிமுறை இருக்கிறது, தாய்மாருக்கு சாம்பிள் கொடுப்பது அதற்கு மாறானது. ஆனாலும் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய லிஸ்டையும் கிளினிக்கிலேயே கேட்டு எழுதுங்கள். ஒரு நர்ஸ் ஒன்று சொல்வார், அடுத்தவர் வேறு சொல்வார். அச்சடித்த ஒரு தாளை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன குறை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாசலில் 'ஆஸ்பத்திரி பேக்' விற்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம்தான் முதலீடு.

பால் எடுக்கும் பம்ப்? முன்கூட்டி வாங்காதீர்கள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தனியறையில் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போதும் முதல் நாட்களில் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்பின் குழாயில் அது ஒட்டி வீணாகும், கையால் சின்னக் கோப்பைக்குள் பிழிவதே நல்லது. பால் பெருகியதும், இரவு உட்பட நாளுக்கு எட்டுத் தடவை எடுக்க வேண்டிவரும். அந்த நிலையில் கை சோர்ந்தால் பம்ப் வாங்குங்கள், பாமசியில் அன்றைக்கே கிடைக்கும். யாரோ பாவித்ததை மலிவென்று வாங்க வேண்டாம். சில பம்புகளில் பால் மோட்டர் வரை போய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கும், வெளியே தெரியாது. போத்தலும் தேவையில்லை. எடுத்த பாலைக் கோப்பையால் பருக்கலாம். எப்படி என்று வார்ட்டிலேயே காட்டித்தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வரும் மிட்வைஃபும் காட்டுவார்.